பார்க்கிங் மோடும் காலையில் எடுக்காத செல்ஃபும்

அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் இரவில்தான் நடக்கும். பல மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மாலையிலேயே வந்து, கிடைத்த இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போவார்கள். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும், செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் சாலையோரத்தையும் அறுப்பு முடிந்த நிலங்களையும் நிரப்பிவிடுவார்கள். அப்படி நிற்கும் கார்களில் இப்போது பலவற்றின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு மினுக்குகிறது. டேஷ்கேம் பார்க்கிங் மோடில் இருக்கிறது என்று அர்த்தம். யாராவது இடித்துவிட்டுப் போனால் சாட்சி இருக்கும் என்ற நிம்மதியில் காரின் சொந்தக்காரர் கூட்டத்தில் நிற்கிறார்.

அவருடைய கணக்கு இதுதான். கேமராவில் மோஷன் டிடெக்‌ஷன் போட்டிருக்கிறது. எதிரே ஏதாவது அசைந்தால்தான் ரெக்கார்டு ஆகும், மற்ற நேரம் தூங்கும், அதனால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. இதில் முதல் பகுதி சரி. தூங்கும் என்பது தப்பு.

அசைவைக் கண்டுபிடிக்க கேமராவுக்குத் தனியாக ஒரு புலன் கிடையாது. வீட்டு வாசலில் ஆள் வந்தால் எரியும் விளக்கில் இருப்பது உடல்சூட்டை உணரும் சென்சார். மிகக் குறைந்த மின்சாரத்தில் வருடக்கணக்கில் காத்திருக்கும். அதைக் காருக்குள் வைத்துப் பயனில்லை. உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி விடாது. ஆகவே டேஷ்கேம் படத்தைப் பார்த்துத்தான் அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஃபிரேமைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில் வெளிச்சம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறியது என்று பார்க்கிறது. இந்த வேலைக்கு லென்ஸுக்குப் பின்னால் உள்ள சென்சார் விழித்திருக்க வேண்டும், பிராசசரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. இடிப்பதற்கு முன்னால் நடந்த சில விநாடிகளும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். வண்டி எண் தெரிவது பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளில்தான். நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பதிவு செய்ய எந்தக் கருவியாலும் முடியாது. எனவே நல்ல கேமராக்கள் இரவு முழுவதும் வீடியோவைச் சுருக்கி, கடைசிச் சில விநாடிகளை மட்டும் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு, பழையதை அழித்தபடியே இருக்கின்றன. அசைவு தெரிந்தால் அந்தச் சில விநாடிகளையும் சேர்த்து மெமரி கார்டில் எழுதுகின்றன. தெரியாவிட்டால் எழுதுவதில்லை. எழுதாமல் விட்டதில் மிச்சமாவது கார்டில் இடமும் கார்டின் ஆயுளும்தான். பேட்டரிக்குக் கிடைக்கும் மிச்சம் மிகக் கொஞ்சம்.

இதை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பாக்ஸில் கேமராவுக்காகச் சேர்த்த ஃபியூஸைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, அந்த இடைவெளியில் கோர்த்துப் பாருங்கள். கேமரா முழுதாக ரெக்கார்டு செய்யும்போது, முன்பக்கம் மட்டும் பார்க்கும் சாதாரண மாடலில் மீட்டர் 0.3 முதல் 0.4 ஆம்பியர் வரை காட்டும். பார்க்கிங் மோடுக்குப் போய், எதிரே ஒன்றும் அசையாமல் இருக்கும்போதும் முள் விழாது. நூறில் சில பங்குதான் இறங்கும். கையை லென்ஸுக்கு முன்னால் ஆட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பின்பக்கக் கேமராவும் சேர்ந்தால் அரை ஆம்பியரை நெருங்கலாம். இதே கேமராவில் மோஷன் டிடெக்‌ஷனை அணைத்துவிட்டு, அதிர்வு வந்தால் மட்டும் எழுந்திருக்கும் மோடுக்கு மாற்றினால் எண் அடியோடு சரியும். சில மில்லி ஆம்பியர், அதிகம் போனால் இருபது முப்பது மில்லி ஆம்பியர். அங்கே விழித்திருப்பது அதிர்வை அளக்கும் ஒரு சின்ன சிப் மட்டும். மற்ற எல்லாம் நிஜமாகவே தூங்குகின்றன.

அந்தத் தூக்கத்துக்கும் விலை உண்டு. இடி விழுந்த பிறகுதான் கேமரா எழுகிறது. கண் திறக்க ஒரு விநாடியோ, மாடலைப் பொறுத்து அதற்கு மேலோ ஆகும். இடித்தவன் நகரும் காட்சி கிடைக்கலாம், இடித்த காட்சி கிடைக்காது. பேட்டரிக்கும் சாட்சிக்கும் நடுவில் நாம் செய்யும் பேரம் இது. ரேடார் வைத்து, யாரோ நெருங்குவதை உணர்ந்து முன்னதாகவே எழும் கேமராக்களும் வந்திருக்கின்றன. மைக்ரோ அலைக்குக் கண்ணாடி தடையில்லை. ஆனால் விலை கூடுதல்.

இப்போது மேல்மலையனூர் கூட்டத்துக்குள் அந்தக் காரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விநாடியும் யாரோ முன்னால் நடக்கிறார்கள், வண்டிகளின் ஹெட்லைட் வந்து வந்து அடிக்கிறது. ஆள் இல்லாத இருட்டு மூலையில் நிறுத்தினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வெளிச்சம் போதாதபோது கேமரா தன் உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. அதனால் படத்தில் பொடிப்பொடியாக இரைச்சல் தோன்றுகிறது. அந்தப் புள்ளிகளின் துடிப்பையே அசைவு என்று எடுத்துக்கொண்டு ரெக்கார்டு செய்யும் கேமராக்கள் உண்டு. ஆக மோஷன் மோடு அன்றிரவு தொடர் ரெக்கார்டிங் ஆகிவிடுகிறது. விநாடிக்கு 12 மெகாபிட் வீதம் எழுதும் கேமரா மணிக்கு 5 ஜி.பி.க்குச் சற்று மேல் எழுதும். 64 ஜி.பி. கார்டு ஏறக்குறைய 12 மணி நேரத்தில் நிறைந்து, பழையதன்மேல் எழுதத் தொடங்கும். மாலை 4 மணிக்கு விழுந்த கீறல் காலையில் கார்டில் இல்லாமல் போவது இப்படித்தான். உணர்திறனை 'லோ'வில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். பேட்டரிக் கணக்கு மாறாது.

அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மாலை 5 மணிக்கு நிறுத்தி, காலை 5 மணிக்கு எடுக்கிறோம். கேமராவுக்கு 0.36 ஆம்பியர் என்றால் 12 மணி நேரத்தில் 4.3 ஆம்பியர்-மணி. பூட்டிய கார் தன் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவு ஆகியவற்றுக்காக எப்போதும் எடுத்துக்கொள்ளும் 0.03 ஆம்பியரும் சேர்ந்தால் மொத்தம் 4.7. இரண்டு மணி நேரம் ஹைவேயில் ஓடி நன்றாகச் சார்ஜ் ஆகி வந்த நல்ல பேட்டரி 35-லிருந்து 30-க்கு இறங்கியிருக்கும். சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் காலையில் நாலு பேர் சேர்ந்து தள்ளும் கார் எது? அது அமாவாசைக்கு முந்தைய வாரங்களிலேயே தளர்ந்துபோன கார். ஒரு இரவில் பேட்டரி சாவதில்லை. அது எங்கே தளர்ந்தது என்று பார்க்க அவலூர்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும்.

அங்கே கடை வைத்திருக்கும் ஒருவரின் காரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து பத்து நிமிட ஓட்டம், மதியம் சாப்பாட்டுக்கு ஒரு நடை, இரவு திரும்ப ஒரு நடை. நாளெல்லாம் கூட்டினாலும் இன்ஜின் 40 நிமிடம் ஓடினால் அதிகம். மீதி 23 மணி நேரத்துக்கு மேல் கார் நிற்கிறது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. செலவு 0.36-உம் 0.03-உம் சேர்ந்து 0.39 ஆம்பியர், 23 மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணி. செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு தடவையும் 150 ஆம்பியர் இழுத்தாலும் ஒன்றரை விநாடிதான் என்பதால் அது ஆம்பியர்-மணிக் கணக்கில் தூசுக்குச் சமம். வரவுதான் சிக்கல். டைனமோ 70 ஆம்பியர் தரக்கூடியது என்றாலும் பேட்டரி அதை அப்படியே வாங்கிக்கொள்ளாது. ஈய-அமில பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும், முக்கால் நிறைந்த பிறகு வேகம் இறங்கிவிடும், கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைய மணிக்கணக்கில் ஆகும். சராசரி 8 ஆம்பியர் என்று தாராளமாக வைத்தாலும் 40 நிமிடத்துக்கு 5.3 ஆம்பியர்-மணிதான் ஏறுகிறது.

ஒரு நாளைக்கு 9 போகிறது, 5 வருகிறது. நிறைந்த பேட்டரியோடு திங்கட்கிழமை தொடங்கினால் வியாழன் வெள்ளிக்குள் பாதிக்கு வந்துவிடும். பேட்டரி இறங்க இறங்கச் சார்ஜ் வேகமாக ஏறும் என்பதால் சரிவு எங்கேயோ நின்று, பேட்டரி பாதிக்கும் அதற்குக் கீழுக்கும் நடுவில் ஊசலாடத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ போய் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்ஜின் ஓடும், கொஞ்சம் தேறும். திங்கள் மறுபடி அதே கதை.

பாதியில் ஊசலாடுவதில் என்ன கெட்டுப்போகிறது? பேட்டரியின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே 1859-இல் செய்து காட்டிய அதே ஏற்பாடுதான் இன்றும் உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் செலவாகி நீராக மாறுகிறது. சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்து மறுபடி அமிலமாகும். உடனே கரைத்தால் நன்றாகக் கரையும், ஏனெனில் புதிதாகப் படிந்த சல்பேட் மிகச் சின்னத் துகள். நாட்கணக்கில் அப்படியே விட்டால் துகள்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகும். அவை லேசில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி வேலையிலிருந்து விலகிவிடுகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மெல்ல 25 ஆகிறது, பிறகு 15 ஆகிறது. வெயில் இதை விரட்டுகிறது. வேதிவினைகளைப் பற்றிய பொது விதியின்படி 10 டிகிரி கூடினால் மூப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பானட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு இது சின்ன விஷயமில்லை.

கார் பேட்டரி இந்த வேலைக்குச் செய்ததும் இல்லை. அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். செல்ஃப் மோட்டாருக்கு ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தருவதற்காகப் பரப்பைக் கூட்டியிருக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் தகடு தடிமன், பாதி வரை காலியாக்கி நிரப்புவதைப் பல வருடம் தாங்கும். கார் பேட்டரியை அப்படிப் பாதிவரை இறக்கி ஏற்றினால் சில நூறு தடவைக்கு மேல் தாங்காது. அவலூர்பேட்டைக் கார் அதை வாராவாரம் செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஹார்ட்வயர் கிட்டும் அதன் கட்-ஆஃப் செட்டிங்கும் வருகின்றன. கிட் என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குகிறது, பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, வைத்த எண்ணுக்குக் கீழே போனால் கேமராவை அணைக்கிறது. கிட்களில் பரவலாக 11.6-லிருந்து 12.4 வரை சில படிகள் இருக்கும். சிலவற்றில் பெட்டியிலேயே சின்ன ஸ்விட்ச், சிலவற்றில் கேமராவின் மெனுவில்.

எந்தப் படியை வைப்பது என்பதற்கு ஒரு எளிய சமன்பாடு உதவும். பேட்டரிக் கடைகளில் ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார்களே, அந்த எண்ணோடு 0.84-ஐக் கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் வந்துவிடும். நிறைந்த பேட்டரியில் அடர்த்தி 1.265. கூட்டினால் 2.105 வோல்ட், ஆறு செல்களுக்கு 12.63. பாதி இறங்கிய பேட்டரியில் அடர்த்தி ஏறக்குறைய 1.19, ஆறு செல்களுக்கு 12.18. கால்பங்குதான் மிச்சம் என்றால் 12 வோல்ட் வாக்கில் நிற்கும். 11.8-க்கு வந்தால் பேட்டரி அநேகமாகக் காலி. நிறைந்ததற்கும் காலியானதற்கும் நடுவில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதில் 0.2 வோல்ட் தவறினால் கால் பேட்டரி தவறிவிட்டது என்று பொருள்.

கிட் வரும்போதே 11.8 அல்லது அதற்கும் கீழே வைத்து வருவதும் உண்டு. நீண்ட நேரம் ரெக்கார்டு ஆகிறது என்று வாங்கியவருக்குத் தோன்ற வேண்டுமல்லவா! ஆனால் 11.8-இல் பெரும்பாலான கார்களின் செல்ஃப் சுற்றாது. கேமராவின் 0.36 ஆம்பியருக்கு அந்த பேட்டரி தாராளமாகப் போதும். 150 ஆம்பியர் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பேட்டரியின் உள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது. நல்ல நிலையில் அது ஓம்மில் நூறில் ஒரு பங்கு. 150 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் உள்ளேயே விழுந்துபோகும், 12.6 என்பது 11.1 ஆகும், மோட்டார் சுற்றும். அமிலம் நீர்த்துப்போய், சல்பேட் மூடிய பேட்டரியில் அந்தத் தடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். 11.8-லிருந்து நாலு வோல்ட் விழுந்தால் மிச்சம் 8-க்கும் கீழே. அப்போது கேட்பதுதான் அந்த 'டக்டக்டக்டக்' சத்தம். சோலனாய்டு இழுத்து மோட்டாரோடு இணைக்கிறது, வோல்டேஜ் படுக்கிறது, சோலனாய்டைப் பிடித்து வைக்கும் வலு போகிறது, அது விடுகிறது, வோல்டேஜ் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சத்தம் கேட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஆள் தேட வேண்டாம். பேட்டரியைப் பாருங்கள்.

நான் சொல்வது 12.2. அதில் பேட்டரியில் ஏறக்குறைய பாதி இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் இன்ஜின் ஆயில் இளகியே இருப்பதால் செல்ஃப் தாராளமாகச் சுற்றும். 12.0 என்பது புது பேட்டரிக்கு மட்டும், அதுவும் தினம் நீண்ட தூரம் ஓடும் காருக்கு மட்டும். 12.4 வைத்தால் இன்னும் பத்திரம்தானே என்று கேட்கலாம். சில புதிய கார்களில் டைனமோவைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காக, பேட்டரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல் வைக்கிறது. அந்தக் கார்களில் 12.4 வைத்தால் நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே கேமரா அணைந்து, கிட் பழுது என்று கடைக்காரரோடு சண்டை வரும்.

வோல்டேஜை நம்புவதற்கும் எல்லை உண்டு. வண்டி நிறுத்தியதும் மீட்டர் 13-ஐக் கூடக் காட்டும். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் ஏறிய சார்ஜ் அது, சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதைப் பார்த்து பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நினைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், வோல்டேஜ் அமிலத்தின் அடர்த்தியைத்தான் சொல்கிறது, எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று சொல்வதில்லை. தூர்ந்த கிணற்றில் எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் கைக்கெட்டும் உயரத்தில் தெரியும். நாலு குடம் இறைத்ததும் தரை தட்டும். 15 ஆம்பியர்-மணிக்குச் சுருங்கிப்போன பழைய பேட்டரியும் காலையில் 12.5 காட்டும். கிட் அதை நம்பும். மேல்மலையனூரில் அந்தக் காருக்கு 4.7 ஆம்பியர்-மணி என்பது மூன்றில் ஒரு பங்கு. ஏற்கனவே 70 சதவீதத்தில் வந்த பேட்டரியாக இருந்தால் காலையில் 40-க்கும் கீழே நிற்கும். 11.8 வைத்திருந்த கிட் கேமராவை அணைத்திருக்கவே இல்லை. தள்ளத்தான் வேண்டும்.

இனி வயரிங். எண்ணைச் சரியாக வைத்தும் பேட்டரி படுக்கிறது என்றால் பெரும்பாலும் தப்பு இங்கேதான் இருக்கிறது. கிட்டிலிருந்து மூன்று கம்பிகள் வரும். பல கிட்களில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏ.சி.சி. ஃபியூஸுக்கு, கறுப்பு எர்த்துக்கு. கார் ஸ்டீரியோவிலும் இதே நிறமுறைதான் என்பதால் ஊர் எலக்ட்ரீஷியன்களுக்குக் கை பழகிய விஷயம். ஆனாலும் எல்லா கிட்களும் ஒன்றில்லை, கூட வரும் தாளைப் பார்த்துவிடுவது நல்லது.

சிவப்பில்தான் சூட்சுமம். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று கேமராவுக்குத் தெரிவது அந்தக் கம்பியால். ஏ.சி.சி. ஃபியூஸைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒரே நிரந்தர ஃபியூஸில் முறுக்கிவிட்டால் கேமரா வண்டி எப்போதும் ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளும். பார்க்கிங் மோடே வராது. இரவெல்லாம் முழு ரெக்கார்டிங் நடக்கும். எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியை அணைத்துப் பூட்டிவிட்டுச் சில நிமிடம் நில்லுங்கள். கேமரா பார்க்கிங் மோடுக்குப் போனதாக விளக்கோ குரலோ சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் சிவப்பு தப்பான இடத்தில் இருக்கிறது. கார் அணைந்த பிறகும் சில நிமிடம் மின்சாரம் விட்டு வைக்கும் ஃபியூஸ்கள் புதிய கார்களில் உண்டு, எனவே அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட ஃபியூஸ்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.

கறுப்புக் கம்பியைப் பெயின்ட் அடித்த போல்ட்டில் கட்டினால் எதிர்மாறான கோளாறு வரும். பெயின்ட் தரும் அரை ஓம் தடையிலேயே 0.36 ஆம்பியருக்கு 0.18 வோல்ட் விழுந்துவிடும். பேட்டரி 12.4-இல் இருக்க, கிட்டுக்கு 12.2 என்று தெரியும். கேமரா இரவு 10 மணிக்கே அணைந்துவிடும். பேட்டரி முனையில் ஒரு அளவு, கிட் கம்பி சேரும் இடத்தில் ஒரு அளவு எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் மீட்டரில் தெரியும். பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் இறுக்கினால் தீர்ந்தது. அதற்காக எர்த்தை நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோகவும் வேண்டாம். அந்த முனையில் சென்சார் உள்ள கார்களில் கேமராவின் செலவு கணக்கில் வராமல் போய்விடும். கார் தன் பேட்டரியைப் பற்றித் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பாடி எர்த்தே சரி.

மலிவான கிட்களில் இன்னொரு குறை. கேமரா அணைந்ததும் பளு குறைந்து பேட்டரி வோல்டேஜ் சற்றே நிமிரும். நல்ல கிட், மறுபடி சாவி போடும் வரை கேமராவை எழுப்பாது. குறையுள்ள கிட் நிமிர்ந்த வோல்டேஜைப் பார்த்து எழுப்பிவிடும், உடனே வோல்டேஜ் இறங்கும், அணைக்கும், மறுபடி எழுப்பும். கேமரா முழுதாக எழுவதற்குத்தான் அதிக மின்சாரம் தேவை என்பதால் கட்-ஆஃப் இருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். விடியற்காலை 2 மணி, 3 மணி வாக்கில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று துண்டு துண்டாக ஃபைல்கள் கார்டில் இருந்தால் உங்கள் கிட் இந்த ரகம். மாற்றிவிடுங்கள்.

கார்டைப் பார்க்கும்போது கடைசி ஃபைலின் நேரத்தையும் பாருங்கள். பேட்டரியின் நிலையைச் சொல்ல இதைவிடச் சுலபமான அளவுகோல் இல்லை. கட்-ஆஃப் 12.2-இல் இருக்க, தொடர்ந்து ஓடும் மோடில் கேமரா எத்தனை மணிக்கு அணைந்தது என்று அந்த ஃபைல் சொல்லும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்திய இரவில் புது பேட்டரி விடியும் வரை தாங்கும். அதே ஓட்டத்துக்குப் பிறகு அணையும் நேரம் 4 மணி, பிறகு 2 மணி, பிறகு நள்ளிரவு என்று மாதத்துக்கு மாதம் முன்னால் வந்தால் தகடுகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. கேமராவையோ கிட்டையோ குறை சொல்லிப் பயனில்லை.

கடைத்தெரு காருக்கு என் தீர்ப்பு இதுதான்: தினசரி உபயோகத்துக்கு அதிர்வு மோடு, கட்-ஆஃப் 12.2. கேமராவில் நேர வரம்பு இருந்தால் 6 மணி நேரம். அப்படி வைத்தால் நாள் செலவு 9 ஆம்பியர்-மணியிலிருந்து ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். வரும் 5 அதற்குத் தாராளம். மோஷன் மோடை மேல்மலையனூர் அமாவாசை, திருவண்ணாமலை பௌர்ணமி மாதிரி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கார் நீண்ட தூரம் ஓடி வந்திருக்கும், திரும்பவும் ஓடும். இரவு முழுக்க முன்னும் பின்னும் ரெக்கார்டு ஆகியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு, கார் ஓடும்போது தனியாகச் சார்ஜ் ஆகும் லித்தியம் பேக்குகள் இருக்கின்றன. விலையைக் கேட்டால் ஒரு புது கார் பேட்டரியே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால், கிட் மாட்டுவதற்கு முன் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. அதில் தேறாத பேட்டரியில் எந்தக் கட்-ஆஃப் எண்ணும் வேலைக்கு ஆகாது.